ஒரே கொள்முதல் மேலாளருக்கு எங்கள் இருவரிடமிருந்தும் வெவ்வேறு விலை போய்விட்டது. யார் பதில் எழுத வேண்டும்?

மின்மினி (செவ்வாய், 17ஆம் தேதி, காலை 10.20)

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் எட்டு மாதங்களாக வேலை பார்க்கிறேன். மோட்டார், பம்ப் போன்றவற்றில் பொருத்தும் அதிர்வு உணரிகளை விற்கிறோம். பேரிங் தேய ஆரம்பித்தால் அவை முன்கூட்டியே எச்சரிக்கும்.

பொம்மசந்திராவில் தலைமை அலுவலகமும் ஓசூரில் ஆலையும் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் மேலாளருக்கு 3ஆம் தேதி விலைப்புள்ளி அனுப்பினேன். ஒரு இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 18,000 ரூபாய், வரியும் பொருத்தும் செலவும் அதற்குள் அடங்கும், இம்மாத இறுதி வரை செல்லும் என்று எழுதியிருந்தேன். 12 இயந்திரங்கள், எல்லாமே ஓசூர் ஆலையில் இருப்பவை.

எங்கள் நிறுவனத்தில் ஓசூர்ப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், நாங்கள் அண்ணன் என்றுதான் அழைப்போம். அவர் ஓசூர் ஆலைக்கு நேரில் போய், அங்கே கொடுத்த பொதுக் கொள்முதல் முகவரிக்கு 9ஆம் தேதி இன்னொரு விலைப்புள்ளி அனுப்பியிருக்கிறார். அதில் இயந்திரத்துக்கு 14,500 ரூபாய், வரி தனி, பொருத்தும் செலவு தனி, இரண்டு இயந்திரங்களில் மூன்று மாதம் இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம். நான் எழுதியது மேலாளரின் சொந்த அலுவலக முகவரிக்கு. இரண்டையும் படிப்பவர் ஒரே ஆள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

நேற்று மாலை அவர் அந்தப் பொது முகவரியிலிருந்து இருவருக்கும் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறார்: “உங்கள் நிறுவனத்திலிருந்து இரண்டு விலை வந்திருக்கிறது. 14,500 என்பது பொருத்துவதையும் சேர்த்துத்தானே? உறுதி செய்யுங்கள்.”

இன்று மாலைக்குள் பதில் போக வேண்டும். முதலில் எழுதியவள் நான். ஆனால் பகுதி அண்ணனுடையது. யார் எழுதுவது, எந்த விலையைச் சொல்வது?

புதுவரவு (காலை 10.41)

மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பும் மென்பொருள்களில் ஒரே முகவரி இரண்டு முறை இருந்தால் நீக்கிவிடும் வசதி இருக்கிறது. பட்டியலை ஏற்றும்போது அதைத் தேர்வு செய்தால் போதும். எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் செய்கிறோம்.

மின்மினி (காலை 10.50)

நன்றி. ஆனால் இவை மொத்தமாகப் போனவை அல்ல. இருவர் தனித்தனியே இரண்டு வெவ்வேறு முகவரிகளுக்கு எழுதியவை. அந்த வசதி இதைப் பிடித்திருக்காது.

ராஜாஜிநகர் (காலை 11.05)

பதினைந்து ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன். மின்னஞ்சலில் எதுவும் எழுதாதீர்கள். மூத்தவர் தொலைபேசியில் அழைத்து, “என் விலைதான் சரி, அந்தப் பெண் புதியவர்” என்று சொன்னால் முடிந்தது. இரண்டாவது விலைப்புள்ளியைப் பற்றி நாமாகப் பேசவே கூடாது. மேலும், 14,500 என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். சட்டப்படி அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும்.

அல்சூர் ஏரிக்கரை (காலை 11.38)

தொழிற்சாலைகளுக்குக் கருவி விற்பதில் என் காலம் போயிருக்கிறது. இதே சிக்கலில் இரண்டு முறை மாட்டியிருக்கிறேன். ஒரு முறை அந்த வியாபாரத்தையே இழந்தேன்.

ராஜாஜிநகர் நண்பர் சொன்னதில் தொலைபேசி என்ற பகுதி சரி. முதலில் பேசிவிட்டால் மின்னஞ்சலின் தொனி இறுகாமல் இருக்கும். மற்ற இரண்டையும் ஏற்க முடியாது. மேலாளர் இரண்டு விலையையும் பார்த்துவிட்டார், எழுத்தில் கேட்டும் இருக்கிறார். எழுத்தில் கேட்டவருக்கு எழுத்தில்தான் பதில் போக வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அவருடைய கோப்பில் இருப்பது உங்கள் இரண்டு பழைய விலைகள் மட்டும்தான்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 5ஆவது பிரிவுப்படி, எதிர்த்தரப்பு ஏற்றுக்கொண்டதைத் தெரிவித்து முடிக்கும் வரை முன்மொழிவைத் திரும்பப் பெறலாம். அவர் இன்னும் கேள்விதான் கேட்டிருக்கிறார், கொள்முதல் ஆணை அனுப்பவில்லை. ஆகவே இன்று உங்களுக்கு வழி இருக்கிறது. நாளை அவர் ஆணை அனுப்பிவிட்டால் பேச்சு வேறு. அதனால்தான் இன்று மாலைக்குள் என்று நீங்கள் சொன்னது சரி.

மின்மினி, பதில் எழுதுவதற்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். இரண்டு விலையும் எப்படி வேறானது? அண்ணன் தானாகத் தள்ளுபடி கொடுத்தாரா, அல்லது உங்கள் இருவரிடமும் வெவ்வேறு விலைப்பட்டியல் இருக்கிறதா?

மின்மினி (பிற்பகல் 12.15)

அண்ணனிடம் இப்போதுதான் பேசினேன். இம்மாதம் முதல் தேதியிலிருந்து புதிய விலைப்பட்டியல் வந்திருக்கிறதாம். அதில் பொருத்தும் செலவைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள், இயந்திரத்துக்கு 2,500 ரூபாய். அந்தத் தொகையை அண்ணன் மின்னஞ்சலில் குறிப்பிடவில்லை, “தனி” என்று மட்டும் எழுதியிருக்கிறார். எனக்குப் புதிய பட்டியல் வரவே இல்லை. நான் பழையதைத்தான் அனுப்பியிருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை (பிற்பகல் 12.52)

நான் விற்பனைக்காரன் அல்ல, கணக்குப் பிரிவில் இருப்பவன். இரண்டு விலைகளையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்காமலேயே எல்லோரும் இங்கே பேசுவதாகத் தெரிகிறது. ஆகவே கணக்குப் போட்டேன்.

மின்மினியின் விலையில் 12 இயந்திரங்களுக்கு எல்லாம் சேர்த்து 2,16,000 ரூபாய். அண்ணனின் விலையில் 14,500உடன் பொருத்தும் செலவு 2,500 சேர்த்தால் 17,000. பன்னிரண்டுக்கு 2,04,000. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 36,720. ஆக 2,40,720 ரூபாய்.

அதாவது மலிவாகத் தெரிகிற விலைதான் முதல் ஆண்டில் 24,720 ரூபாய் அதிகம். இரண்டாம் ஆண்டில் பொருத்தும் செலவு இல்லாததால் அண்ணனுடையது 2,05,320 ஆகக் குறைகிறது. ஆனாலும் இரண்டு ஆண்டுகளையும் கூட்டினால் மின்மினியுடையதுதான் குறைவு. நீங்கள் பெங்களூரிலிருந்து ஓசூருக்கு விற்றால் ஐஜிஎஸ்டி, பொம்மசந்திரா பெயரில் விலைச்சீட்டு போட்டால் மாநில, மத்திய வரி ஒன்பது ஒன்பதாகப் பிரியும். மொத்தம் 18தான். ஆகவே அந்தக் குழப்பத்தை இதற்குள் கொண்டுவர வேண்டாம்.

பீன்யா கொள்முதல் (பிற்பகல் 1.30)

நான் மேசையின் மறுபக்கம் இருப்பவன். எனக்கும் இப்படி மாதத்துக்கு ஒன்றாவது வருகிறது. அந்த மேலாளர் என்ன நினைத்திருப்பார் என்று சொல்கிறேன்.

ஒரே நிறுவனத்திலிருந்து இரண்டு விலை வந்தால் நான் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றிலிருந்தும் எனக்குச் சாதகமானதை எடுப்பேன். 14,500 அங்கிருந்து, பொருத்துவது சேர்த்து என்பது இங்கிருந்து, இலவசச் சோதனை அங்கிருந்து. அவருடைய கேள்வியைப் பாருங்கள், “பொருத்துவதையும் சேர்த்துத்தானே?” என்று அதைத்தான் செய்திருக்கிறார். அது தந்திரம் அல்ல, அவருடைய வேலை. நீங்கள் எழுதும் பதில் இந்தக் கலவைக்கு இடம் கொடுக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. இரண்டு விலை வந்தது எனக்குப் பெரிய குறையாகப் படுவதில்லை. அதற்குப் பிறகு இருவரும் தனித்தனியே வந்து தனித்தனியே விளக்கம் சொல்வதுதான் எரிச்சல் மூட்டுவது. சென்ற ஆண்டு ஒரு நிறுவனத்திலிருந்து ஒருவர் மன்னிப்புக் கேட்டு எழுதினார், ஒரு மணி நேரத்தில் இன்னொருவர் மன்னிப்புக் கேட்டு எழுதினார், இரண்டு மன்னிப்பிலும் விலை வேறு. அவர்களைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன்.

ஓசூர்க்காரன் (பிற்பகல் 2.04)

இயந்திரம் எங்கே இருக்கிறதோ அந்தப் பகுதிக்காரருக்குத்தான் வாடிக்கையாளர். அத்திப்பள்ளி தாண்டினால் ஓசூர் ஆள்தான். வெயிலில் ஆலை வாசலில் நின்று உள்ளே போனவர் அவர். அலுவலகத்தில் உட்கார்ந்து மின்னஞ்சல் அனுப்பியவருக்கு முன்னுரிமை என்றால் களத்தில் யாரும் அலையமாட்டார்கள். எனக்கே இப்படி ஒரு வாடிக்கையாளர் கைமாறிப்போயிருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

அல்சூர் ஏரிக்கரை (பிற்பகல் 2.47)

ஓசூர் நண்பரின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் பகுதி யாருடையது என்பது உங்கள் நிறுவனத்துக்குள் பேச வேண்டியது. வாடிக்கையாளருக்கு அதில் அக்கறை இல்லை. இங்கே இரண்டு முடிவுகளைத் தனித்தனியே எடுக்க வேண்டும். யார் பேசுவது என்பது ஒன்று, எந்த விலை நிற்பது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை ஒரே ஆளாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இதைக் கலந்துவிடுவதால்தான் உள்ளே சண்டை வருகிறது. “என் பெயரில் போனால் என் விலைதான்” என்று இருவரும் பிடிவாதம் பிடிப்பார்கள்.

யார் பேசுவது என்பதற்கு நான் பார்ப்பது, இனி வரப்போகும் வேலை யார் கையில் இருக்கிறது என்பதைத்தான். உணரியைப் பொருத்தவும் பிறகு பழுது பார்க்கவும் ஓசூர் ஆலைக்குப் போகப்போவது அண்ணன். ஆகவே அவர் எழுதட்டும். முதலில் எழுதியவர் யார் என்பது ஆறு நாள் வித்தியாசம், அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

எந்த விலை என்பதற்கு, காலக்கெடு எழுதப்பட்ட விலைப்புள்ளியைக் காப்பாற்றுங்கள். “இம்மாத இறுதி வரை செல்லும்” என்று மின்மினி எழுத்தில் கொடுத்திருக்கிறார். சட்டப்படி திரும்பப் பெறலாம்தான். ஆனால் தேதி போட்டுக் கொடுத்த விலையை அந்தத் தேதிக்கு முன்பே மாற்றினால், அடுத்து நீங்கள் எந்தத் தேதியைச் சொன்னாலும் அவர் நம்பமாட்டார். பழைய பட்டியல் என்பது உங்கள் நிறுவனத்தின் பிழை, அதன் செலவு நிறுவனத்தையே சேரும். மேலதிகாரியிடம் ஒப்புதல் வாங்கிவிட்டு எழுதுங்கள்.

இலவசச் சோதனையில் ஒரு முடிச்சு இருக்கிறது, கவனித்தீர்களா? சோதனை மூன்று மாதம். 18,000 ரூபாய் விலை மாத இறுதியோடு முடிகிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் சோதனை முடியும்போது எந்த விலை என்று மறுபடி இதே கேள்வி வரும்.

மின்மினி (மாலை 3.30)

மேலதிகாரி ஒப்புக்கொண்டார். அண்ணனும் ஒப்புக்கொண்டார், ஆனால் அவர் என்னையே வரைவு எழுதச் சொன்னார். ஆங்கிலத்தில் போகப்போவதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

“மதிப்பிற்குரிய ஐயா, நேர்ந்த குழப்பத்துக்கு மிகவும் வருந்துகிறோம். என் சக ஊழியர் தெரியாமல் பழைய விலைப்பட்டியலை உங்களுக்கு அனுப்பிவிட்டார். இனி இப்படி நடக்காது என்று உறுதி கூறுகிறோம். எங்கள் சிறந்த விலையை விரைவில் அனுப்புகிறோம்.”

அல்சூர் ஏரிக்கரை (மாலை 3.52)

அம்மா, இதை அனுப்பாதீர்கள். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி, அதற்கு இதில் பதில் இல்லை. “சிறந்த விலையை விரைவில்” என்றால் மூன்றாவது விலை ஒன்று வரப்போகிறது என்று பொருள், அவர் காத்திருப்பார். சக ஊழியர் தவறினார் என்று எழுதினால் உங்களுக்குள் யாருடைய சொல்லை நம்புவது என்ற சந்தேகத்தை நீங்களே விதைக்கிறீர்கள். நாளைக்கு அவரிடம் போய்ப் பேச வேண்டியவர்கள் நீங்கள் இருவரும்தான்.

அவர் எழுதிய அதே மின்னஞ்சலுக்குப் பதிலாகவே போகட்டும், புதிதாக ஒன்று தொடங்காதீர்கள். அவருடைய இரண்டு முகவரிகளுக்கும் போகட்டும். இப்படி எழுதுங்கள்:

“மதிப்பிற்குரிய ஐயா, 14,500 ரூபாயில் பொருத்தும் செலவு சேராது. அது இயந்திரத்துக்கு 2,500 ரூபாய், இரண்டுக்கும் மேல் 18 சதவீத வரி உண்டு. உங்களுக்கு 3ஆம் தேதி வந்தது பழைய விலைப்பட்டியல், 9ஆம் தேதி வந்தது புதியது. இரண்டும் எங்களுடையவைதான், ஒருங்கிணைக்காமல் அனுப்பியது எங்கள் பிழை. 3ஆம் தேதி எழுதியபடி, இயந்திரத்துக்கு 18,000 ரூபாய், வரியும் பொருத்துவதும் உட்பட, என்ற விலையை இம்மாத இறுதி வரை அப்படியே காப்பாற்றுகிறோம். 12 இயந்திரங்களுக்கு 2,16,000 ரூபாய். முதலில் இரண்டு இயந்திரங்களில் மூன்று மாதம் சோதித்துப் பார்க்க விரும்பினால் அதுவும் நடக்கும், ஆனால் அதற்குப் பிறகு வாங்குவது புதிய பட்டியலின் விலையில் இருக்கும். இரண்டில் எது உங்களுக்கு ஏற்றது என்று சொல்லுங்கள். இனி இது தொடர்பாக என்னோடு பேசினால் போதும், மின்மினியும் நகலில் இருக்கிறார்.”

அண்ணன் பெயரில் போகட்டும். நீங்கள் தனியாக எதுவும் எழுத வேண்டாம், நன்றி சொல்லிக்கூட வேண்டாம்.

ராஜாஜிநகர் (மாலை 4.10)

கேட்காமலேயே குறைந்த விலையை எடுத்துக் காட்டுகிறீர்கள். மேலாளர் முதல் ஆண்டுக் கணக்கைப் போட்டிருக்கமாட்டார். 24,720 ரூபாயை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? இதில் நான் உடன்படவில்லை.

பீன்யா கொள்முதல் (மாலை 4.25)

கணக்குப் போட்டிருப்பார் ஐயா. ஒப்பீட்டுத் தாள் தயாரிக்காமல் நாங்கள் கோப்பை மேலே அனுப்ப முடியாது. பொருத்தும் செலவு எவ்வளவு என்பது மட்டும்தான் அவரிடம் இல்லை, அதனால்தான் கேட்டிருக்கிறார்.

மின்மினி (புதன், 18ஆம் தேதி, காலை 11.15)

நேற்று மாலை 5 மணிக்கு அண்ணன் முதலில் தொலைபேசியில் பேசினார், 5.20க்கு மின்னஞ்சல் போனது. இன்று காலை “தெளிவாயிற்று, உள்ளே பேசிவிட்டுச் சொல்கிறேன்” என்று பதில் வந்தது. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

மின்மினி (வியாழன், 19ஆம் தேதி, காலை 10.05)

மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. இன்று காலை 9.30க்கு என் பெயரில் அவருக்கு ஒரு மின்னஞ்சல் போயிருக்கிறது: “என் முந்தைய மடலுக்கு உங்களிடமிருந்து பதில் வரவில்லை. இந்த விலை குறித்து ஒரு முறை பேசலாமா?” 3ஆம் தேதி நான் அமைத்து வைத்த தானியங்கித் தொடர் மின்னஞ்சலின் மூன்றாவது மடல் அது. பதில் வந்தால் தானாக நின்றுவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். என்னால் இதைத் தாங்க முடியவில்லை. திரும்பப் பெற முடியுமா?

அல்சூர் ஏரிக்கரை (காலை 10.22)

முடியாது. அவுட்லுக்கில் திரும்பப் பெறும் வசதி ஒரே நிறுவனத்துக்குள் அனுப்பியதற்குத்தான் வேலை செய்யும். வெளியே போனது போனதுதான்.

ஏன் நிற்கவில்லை என்றால், நீங்கள் அனுப்பியது அவருடைய சொந்த முகவரிக்கு, அவர் பதில் எழுதியது பொது முகவரியிலிருந்து. தொடர் மடல் அமைத்த முகவரியிலிருந்து பதில் வந்தால்தான் இத்தகைய மென்பொருள் பலவும் நிறுத்தும். செவ்வாய்க்கிழமையே இதைக் கேட்டிருக்க வேண்டியவன் நான், கேட்கத் தவறிவிட்டேன். திருத்தம் அனுப்புவதற்கு முன் இருவருடைய தானியங்கி மடல்களையும் அந்த நிறுவனத்தின் எல்லா முகவரிகளுக்கும் நிறுத்திவிட வேண்டும். முதலில் அதைச் செய்யுங்கள், உங்களுடையது மட்டுமல்ல, அண்ணனுடையதும்.

பிறகு அண்ணன் அதே பழைய தொடரில் ஒரே வரி எழுதட்டும்: “இன்று காலை வந்தது முன்பே நேரம் குறித்து வைத்திருந்த மடல், பொருட்படுத்த வேண்டாம், செவ்வாய்க்கிழமை எழுதியதில் மாற்றமில்லை.” அதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

மின்மினி (காலை 10.58)

செய்துவிட்டோம். அண்ணன் தானியங்கி எதுவும் வைக்கவில்லை. இனி இது நேராமல் இருக்க எங்கள் சி.ஆர்.எம். மென்பொருளில் என்ன தேட வேண்டும்? அண்ணன் 9ஆம் தேதி எழுதும் முன் தேடியிருக்கிறார். அந்தப் பொது முகவரியைத் தேடினார், வரவில்லை. நிறுவனத்தின் பெயரைத் தேடினார், நான் பெயரை வேறு எழுத்துக்கூட்டலில் பதிந்திருந்ததால் அதுவும் வரவில்லை.

கணக்குப்பிள்ளை (காலை 11.40)

தேட வேண்டியது முகவரியின் @ குறிக்குப் பின்னால் இருக்கும் பகுதியை. உங்கள் இரண்டு மடல்களுக்கும் அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். பட்டியலைத் தாளில் வைத்திருந்தால் கூகுள் ஷீட்ஸில் முதல் வரி அதைப் பிரித்துத் தரும். C என்பது மின்னஞ்சல் நிரல், D என்பது ஜிஎஸ்டி எண் நிரல்.

```
=LOWER(REGEXEXTRACT(C2,"@(.+)$"))
=MID(D2,3,10)
```

இரண்டாவது வரி, ஆலைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் மின்னஞ்சல் பெயரே வேறாக இருக்கும் நிறுவனங்களுக்கு. ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலம், கர்நாடகம் 29, தமிழ்நாடு 33. அடுத்த பத்து எழுத்துகள் பான் எண். ஆகவே பொம்மசந்திராவும் ஓசூரும் ஒரே நிறுவனம் என்றால் அந்தப் பத்தும் ஒன்றாகவே இருக்கும், பெயரை எப்படி எழுதினாலும் சரி. எண் எங்கே கிடைக்கும் என்று கேட்காதீர்கள். பதிவு பெற்ற நிறுவனம் வாசல் பெயர்ப்பலகையில் அதை எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. அண்ணன் ஆலை வாசலில் நின்றபோதே பார்த்திருக்கலாம்.

ஒரு குறை உண்டு. ஒரே குடும்பத்தின் துணை நிறுவனங்கள் தனித்தனிப் பான் வைத்திருக்கும். கொள்முதல் மேலாளர் ஒருவரே இரண்டுக்கும் இருப்பார். அதை இந்த வழியில் பிடிக்க முடியாது, ஆளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓசூர்க்காரன் (பிற்பகல் 12.30)

பெயர்ப்பலகையைப் படம் எடுப்பதை இன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆனால் ஒன்றைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. ஊக்கத்தொகை யாருக்கு?

ராஜாஜிநகர் (பிற்பகல் 12.44)

பாதிப் பாதி. வேறு எப்படிப் பிரித்தாலும் பகை.

அல்சூர் ஏரிக்கரை (பிற்பகல் 1.15)

பாதிப் பாதி என்று வைத்தால், அடுத்த முறை தேடிப் பார்க்காமலேயே மடல் அனுப்பி வைத்தால் பாதியாவது கிடைக்கும் என்று ஆகிவிடும். என் பழைய அலுவலகத்தில் அதுதான் நடந்தது. பதிவேட்டில் முதலில் குறித்தவருக்கு 14 நாள் உரிமை, அதற்குள் உண்மையான பதில் வராவிட்டால் உரிமை போய்விடும் என்று மாற்றினார்கள். சண்டை குறைந்தது, நிற்கவில்லை. களத்தில் அலைபவர் பதிவு செய்யத் தாமதிப்பார், அவருக்கு அது அநியாயம்தான். ஓசூர் நண்பருக்கு என்னிடம் நல்ல விடை இல்லை.

மின்மினி (செவ்வாய், 24ஆம் தேதி, மாலை 6.40)

இன்று கொள்முதல் ஆணை வந்தது. 12 இயந்திரங்களுக்கு அல்ல, எட்டுக்கு, 18,000 விலையில். ஆலையில் நான்கு பம்புகளை மாற்றப்போகிறார்களாம், புதியவை வந்த பிறகு பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறார். அந்த நான்குக்கு எந்த விலை என்று அண்ணன் உடனே கேட்டு, புதிய பட்டியல்தான் என்று எழுத்தில் வாங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்து ஓசூர் போகிறோம். ஊக்கத்தொகையைப் பற்றி மேலதிகாரி இன்னும் வாய் திறக்கவில்லை. அண்ணனும் நானும் அதைப் பேசாமலேயே இருக்கிறோம்.